முதல்முறை சர்ச் கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்கு நாலு நிமிட வீடியோ: எதைச் சொல்வது, எதை விடுவது?

மாந்தோப்பு | ஏப்ரல் 24, இரவு 9.40

தங்கைக்கு மே 21 கல்யாணம். கிருஷ்ணகிரி பக்கத்தில் எங்கள் ஊர்க் கோயிலிலேயே முழுப் பூசையோடு நடக்கிறது. மாப்பிள்ளை வீடு தர்மபுரி, அவர்களும் கத்தோலிக்கர்தான். வருகிறவர்களில் பாதிக்கு மேல் இந்துக்கள். அப்பாவின் மாங்காய் மண்டி ஆட்கள், தங்கையோடு வேலை பார்ப்பவர்கள், சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் எல்லாம் வருகிறார்கள். பெரும்பாலானவர்கள் சர்ச்சுக்குள் காலே வைத்ததில்லை. பத்திரிகையோடு வாட்ஸப்பில் அனுப்ப ஒரு சின்ன வீடியோ எடுக்கிறேன்.

இணையத்தில் கிடைக்கிற வழிகாட்டி வீடியோக்கள் எல்லாம் வெளிநாட்டுக் கோயில்களை வைத்து எடுத்தவை. தொப்பி போடாதே, பரிசுப் பட்டியலைப் பார், கையைக் குறுக்கே கட்டிக்கொண்டு வரிசையில் போனால் சாமியார் ஆசீர்வாதம் தருவார் என்று போகிறது. எங்கள் பங்கில் அப்படி ஒரு வழக்கமே இல்லை. நம்ம ஊர் ஆட்கள் எங்கே தடுமாறுவார்கள் என்பது எனக்குத் தெரிந்த வரை இரண்டே இடம். ஒன்று தாலி கட்டிய உடனே. இன்னொன்று நன்மை, அதாவது பூசையில் மந்திரித்த அப்பம், கொடுக்கும்போது. போய் வந்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். கத்தோலிக்கர் அல்லாதவர்கள் சொன்னால் இன்னும் நல்லது.

கேமராக்காரர் | ஏப்ரல் 24, இரவு 10.15

தம்பி, ஒரு கேமராவை மாடியில் பாடகர் குழு பக்கம் வையுங்கள், இன்னொன்றைப் பக்கவாட்டுத் தூணருகே. பீடத்தின் மேல் ஏற விடமாட்டார்கள். பிரசங்கம் நடக்கும்போது லைட்டை அணைத்துவிடுங்கள். ட்ரோன் வேண்டுமானால் ஊர்வலத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மாந்தோப்பு | ஏப்ரல் 24, இரவு 10.22

அண்ணா, கல்யாண வீடியோ இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் விருந்தாளிகளுக்கு அனுப்புகிற வீடியோ.

கேமராக்காரர் | ஏப்ரல் 24, இரவு 10.31

சரி சரி. அப்படியானால் என் தரப்பில் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். தாலி கட்டும் நேரத்தில் முன்வரிசைக்காரர்கள் எழுந்து நின்று போனைத் தூக்கிவிடுகிறார்கள். பின்னால் இருக்கும் பெண்ணோட பாட்டிக்கு முதுகுகள்தான் தெரியும். எனக்கும் அதுதான் கிடைக்கும்.

மத்தூர் அக்கா | ஏப்ரல் 25, காலை 6.50

நான் இந்து. போன வருஷம் என் கூடப் படித்தவள் மகள் கல்யாணத்துக்கு அம்மாவை அழைத்துப் போயிருந்தேன். எங்கே என்று சொல்லவில்லை, அவர்கள் மேல் ஒரு குறையும் கிடையாது. நடுவில் எல்லோரும் வரிசையாக எழுந்து முன்னால் போனார்கள். பிரசாதம் கொடுக்கிறார்கள் என்று அம்மாவும் போய்விட்டார். தீர்த்தம் வாங்குகிற மாதிரி வலது கையை மேலே வைத்து, கீழே இடது கையைக் கொடுத்து நீட்டினார். கூட்டம் அதிகம், கொடுத்தவரும் கவனிக்கவில்லை. வெள்ளையாக, காகிதம் மாதிரி மெல்லிசாக வட்டமாக ஒன்று. அம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பேரனுக்குக் கொடுக்கலாம் என்று கைக்குட்டையில் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கே தெரியும். பூஜை அலமாரியில் விபூதித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். தோழிக்குப் போன் செய்து சொன்னபோது அவள் பதறியதைக் கேட்டு நான் பயந்தே போனேன். உடனே வண்டி எடுத்து வந்து, அதை ஒரு சின்ன டப்பாவில் வாங்கிக்கொண்டு போனாள். அம்மாவைக் கடிந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அம்மா இன்றைக்கும் கேட்கிறார், சாமி பிரசாதத்தைச் சாமி அலமாரியில் வைத்தது எப்படித் தப்பாகும் என்று. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

ஓசூர்க்காரன் | ஏப்ரல் 25, காலை 9.05

சிம்பிள். கிறிஸ்தவர்கள் வாங்கலாம், மற்றவர்கள் வாங்கக் கூடாது. நான் சி.எஸ்.ஐ., கத்தோலிக்கக் கல்யாணத்தில் வாங்கியிருக்கிறேன். யாரும் கேட்டதில்லை. வீடியோவில் இந்த ஒரு வரி போட்டால் போதும்.

உபதேசியார் மகன் | ஏப்ரல் 25, மதியம் 1.30

ஓசூர்த் தம்பி, யாரும் கேட்கவில்லை என்பதால் வாங்கலாம் என்று ஆகிவிடாது. கத்தோலிக்கக் கோயிலில் நன்மை கத்தோலிக்கருக்கு மட்டும்தான். சிரியன் ஆர்த்தடாக்ஸ் போன்ற கீழைச் சபையினர் தாங்களாகக் கேட்டால் கொடுக்க இடம் உண்டு. சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே அன்பர்களுக்குக் கல்யாணப் பூசையில் கிடையாது. மாந்தோப்பு, 'கிறிஸ்தவர்கள் வாங்கலாம்' என்று போட்டுவிடாதீர்கள், புதுக் குழப்பம் வரும்.

மத்தூர் அம்மா கேட்டது நல்ல கேள்வி. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கோயில் பிரசாதம் சாமிக்குப் படைத்து நமக்குத் திரும்பி வருவது. யாருக்கும் கொடுக்கலாம், வீட்டுக்கும் எடுத்துப் போகலாம். பூசையில் சாமியார் அந்த அப்பத்தின் மேல் இயேசுவின் வார்த்தைகளைச் சொன்ன பிறகு அதை நாங்கள் அப்பமாகப் பார்ப்பதில்லை. அது கிறிஸ்துவின் உடலே. 'கிறிஸ்துவின் திருவுடல்' என்று சொல்லிக் கொடுப்பார், வாங்குகிறவர் 'ஆமென்' என்பார். நான் இதை நம்புகிறேன், இந்தச் சபையோடு ஒன்றாக இருக்கிறேன் என்று சாட்சி சொல்வதுதான் அந்த ஆமென். நம்பாதவரை அப்படிச் சொல்ல வைப்பது அவருக்கும் மரியாதை இல்லை. உங்கள் அம்மா பக்தியோடுதான் வைத்தார், அதில் சந்தேகமே வேண்டாம். உங்கள் தோழி பதறியது அம்மாவின் மேல் கோபத்தால் அல்ல.

வாங்கியதை அங்கேயே, அப்போதே சாப்பிட்டுவிட வேண்டும். எடுத்துப் போகக் கூடாது. தப்பிப் போய்க் கையில் வந்துவிட்டால் பயப்பட வேண்டாம். சாமியாரிடமோ கோயில்பிள்ளையிடமோ திருப்பிக் கொடுத்தால் போதும். சாமியார் அதை உட்கொள்வார், இல்லையென்றால் தண்ணீரில் கரைய விட்டு மரியாதையான இடத்தில் ஊற்றுவார். குப்பையில் போடுவதுதான் கூடவே கூடாது.

உபதேசியார் மகன் | ஏப்ரல் 25, மதியம் 1.52

இன்னொன்று. கொடுக்கிறவர்கள் கையைப் பார்த்தே கண்டுபிடிப்பார்கள். எங்கள் ஆட்கள் இடது கையை மேலே வைத்து நீட்டுவார்கள், கீழே இருக்கும் வலது கையால் எடுத்து வாயில் போட வேண்டுமே. வலது கை மேலே இருந்து, ஆமென்னும் வரவில்லை என்றால் நிதானித்து மெதுவாகக் கேட்பார்கள். கூட்டம் முண்டியடிக்கும்போது அது நடக்காது. அதனால்தான் முன்கூட்டியே சொல்வது நல்லது.

மாந்தோப்பு | ஏப்ரல் 25, இரவு 8.20

மத்தூர் அக்கா எழுதியதைப் படித்த பிறகு வீடியோவின் கணக்கே மாறிவிட்டது. 'வரக் கூடாது' என்று எழுத்தில் போடுவதாக இருந்தேன். அது போதாது. வரக் கூடாது என்று தெரிந்தவரும் அந்த நிமிடத்தில் மாட்டிக்கொள்கிறார். ஏனென்றால் எங்கள் கோயிலில் நீள பெஞ்சு. நடுப் பாதைப் பக்கம் ஓரமாக உட்கார்ந்திருப்பவர் எழுந்து வழி விட்டாக வேண்டும். எழுந்து பாதையில் நின்றால் பின்னால் வருகிறவர்கள் அவரை வரிசையோடு தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். திரும்பி வர வெட்கம்.

அதனால் செய்ய வேண்டியதைக் காட்டப்போகிறேன். முதலிலேயே நடுப் பாதை ஓரத்தை விட்டு, பெஞ்சின் உள்பக்கமாகவோ சுவரோரமாகவோ உட்காருங்கள். வரிசை எழும்போது காலை ஒடுக்கி வழி விட்டு, உட்கார்ந்தே இருங்கள். அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். உட்கார்ந்திருப்பவர்கள் நீங்கள் மட்டும் இல்லை. பாவசங்கீர்த்தனம் செய்யாதவர்கள், இன்னும் புது நன்மை வாங்காத பிள்ளைகள், நன்மைக்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் எதையாவது சாப்பிட்டுவிட்டவர்கள் என்று கத்தோலிக்கர்களே பல பேர் போகமாட்டார்கள். என் சித்தப்பா பாதிக் கல்யாணங்களில் எழுந்திருப்பதே இல்லை. யாரும் யாரையும் திரும்பிப் பார்ப்பதில்லை.

பர்கூர் ஜவுளி | ஏப்ரல் 26, காலை 7.10

மண்டிக்காரர்கள் வருகிறார்கள் என்றீர்களே, அங்கேதான் உங்களுக்குப் பிரச்சினை. நாங்கள் நேரத்தை முகூர்த்தத்தை வைத்துப் பார்க்கிறவர்கள். தாலி கட்டும் நேரத்துக்குச் சரியாக வருவோம், அட்சதை போடுவோம், பந்திக்குப் போவோம், மொய் எழுதுவோம், கிளம்புவோம். ஒரு நாளைக்கு மூன்று கல்யாணம் இருக்கும். உங்கள் ஆட்கள் கல்யாணத்தில் நான் பார்த்தது: தாலி கட்டி முடிந்தது, நாங்கள் ஒரு நாற்பது பேர் எழுந்து வெளியே வந்துவிட்டோம். வெளியே வந்த பிறகும் உள்ளே பாட்டு, மணிச் சத்தம். மண்டபத்தில் போனால் பந்தி போடவில்லை. முக்கால் மணி நேரம் நின்றோம். இது யார் தப்பு?

மாந்தோப்பு | ஏப்ரல் 26, காலை 8.00

யார் தப்பும் இல்லை. இதைத்தான் முதல் இடம் என்று சொன்னேன். எங்கள் கல்யாணத்தில் தாலி நடுவில் வருகிறது. எங்கள் பங்கில் வழக்கமாக ஓடுகிற நேரத்தை எழுதுகிறேன், இதையேதான் வீடியோவில் போடப்போகிறேன்.

பூசை 9.30. சாமியார் வாசலுக்கு வந்து மாப்பிள்ளை பெண்ணை அழைத்துப் போவார். வாசகம், பிரசங்கம். 10.05 வாக்கில் கல்யாணச் சடங்கு, 10.10 அல்லது 10.15க்குத் தாலி. அதன் பிறகு மன்றாட்டு, காணிக்கை. 10.35 போல மணி அடிக்கும், எல்லோரும் முழங்கால் போடுவார்கள். பத்தே முக்காலுக்கு நன்மை. பதினொன்றுக்கு முடியும். நீங்கள் எழுந்து போகிற நேரம், எங்களுக்குப் பூசையின் உச்சம் தொடங்குகிற நேரம்.

அப்பாவிடம் பேசினேன். வந்தவர்களைப் பசியோடு உட்கார வைக்கக் கூடாது, தாலி கட்டியதும் பந்தி போடு என்கிறார். பந்தி போட்டால் கோயில் காலியாகும். பேசிப் பேசி இப்படி முடிவானது: காலை ஏழரையிலிருந்து ஒன்பது வரை மண்டபத்தில் டிபன். பிரியாணிப் பந்தி 11.15க்கு. அதற்கு முன் இலை போட வேண்டாம் என்று சமையல்காரரிடமும் சொல்லியாகிவிட்டது. அவசரமாகப் போகிறவர்கள் தாலி கட்டிய பிறகு மன்றாட்டு முடிந்து காணிக்கைப் பாட்டு எழும்போது பக்க வாசல் வழியாகப் போகலாம் என்று வீடியோவிலேயே சொல்கிறேன். மூன்று கல்யாணம் இருக்கிறவரைக் கட்டிப்போட முடியாது, மணி அடிக்கும்போது எழுந்து போகாமல் இருந்தால் அதுவே பெரிய உதவி. மொய் மாலை வரை மண்டபத்தில்தான், கோயிலில் யாரும் நோட்டைத் திறக்க மாட்டார்கள்.

உபதேசியார் மகன் | ஏப்ரல் 26, மதியம் 2.10

நேரக் கணக்கு சரி. ஒன்று மட்டும் திருத்துகிறேன். வீடியோவில் தாலியைப் பிரதானமாகக் காட்டாதீர்கள். திருச்சபையின் கணக்கில் கல்யாணம் ஆவது அதற்குச் சற்று முன்னால். சாமியார் மூன்று கேள்வி கேட்பார்: யாரும் வற்புறுத்தாமல் வந்தீர்களா, சாகும் வரை ஒருவரையொருவர் நேசித்து மதிப்பீர்களா, இறைவன் கொடுக்கும் பிள்ளைகளை ஏற்று விசுவாசத்தில் வளர்ப்பீர்களா. பிறகு இருவரும் வலது கையைக் கோத்துக்கொண்டு ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுப்பார்கள். அந்த வாக்குதான் கல்யாணம். தாலியும் மோதிரமும் அதன் பிறகு மந்திரித்துக் கொடுக்கிற அடையாளங்கள்.

நம்ம விருந்தாளிகள் அந்த வாக்கு நேரத்தில்தான் சத்தமாகப் பேசிக்கொண்டிருப்பார்கள், தாலி இன்னும் வரவில்லையே என்று. மேளம் கொட்டாது, யாரும் 'கெட்டிமேளம்' என்று கத்தமாட்டார்கள், அதனால் அவர்களுக்கு முக்கியமான நேரம் என்று தெரிவதில்லை. 'கை கோத்தால் பேச்சை நிறுத்துங்கள்' என்று ஒரு வரி வையுங்கள்.

மத்தூர் அக்கா | ஏப்ரல் 26, மாலை 5.35

அட்சதை? எங்கள் அம்மா கையிலேயே வைத்திருந்தார், போட நேரமே வரவில்லை என்று பெஞ்சுக்கு அடியில் விட்டுவிட்டு வந்தார்.

மாந்தோப்பு | ஏப்ரல் 26, மாலை 6.15

எங்கள் கோயிலுக்குள் வேண்டாம் அக்கா. வழவழப்பான தரை, அரிசி சிதறினால் வயசானவர்கள் வழுக்குவார்கள், மாலைச் செபத்துக்கு முன்னால் கூட்டவும் வேண்டும். பூசை முடிந்து வெளியே வரும்போது வாசலில் பூ தூவ ஏற்பாடு செய்கிறோம். ஆசைப்பட்டவர்கள் மண்டப மேடையில் அட்சதை போடலாம், தங்கைக்குச் சந்தோஷம்தான்.

தென்பெண்ணைக்கரை | ஏப்ரல் 27, காலை 11.00

இதைப் படிக்கப் படிக்க என் அண்ணன் நிக்காஹ்தான் ஞாபகம். எங்கள் விருந்தாளிகளும் பெண்ணை எங்கே என்று தேடினார்கள். பெண் வேறு இடத்தில் உட்கார்ந்திருப்பாள். பெண் சார்பில் பேசுகிற வக்கீலும் இரண்டு சாட்சிகளும் அவளிடம் போய், மாப்பிள்ளை தரும் இந்த மஹருக்கு இவரை மணக்கச் சம்மதமா என்று கேட்டு வருவார்கள். பிறகு ஹஜ்ரத் குத்பா ஓதி, மாப்பிள்ளையிடம் சம்மதம் கேட்பார். பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும். தாலி எப்போது என்று ஒரு பெரியவர் கடைசி வரை காத்திருந்தார். எங்கள் வீட்டில் கருகமணியைப் பெண்கள் பகுதியில் மாமியார் கட்டுவார், அது அவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. எங்களுக்கும் இப்படி ஒரு வீடியோ வேண்டும். மாந்தோப்பு தம்பி, எங்களுக்கும் எடுத்துத் தருவீர்களா?

மாந்தோப்பு | ஏப்ரல் 27, மதியம் 12.20

எடுக்கிற வேலையைச் செய்து தருகிறேன் அக்கா, பேச வேண்டியது உங்கள் வீட்டு ஆட்கள்தான். உங்கள் முறையை நான் சொன்னால் எங்காவது வழுக்கும். தனி இழை தொடங்குங்கள், வருகிறேன்.

ஓசூர்க்காரன் | ஏப்ரல் 28, காலை 8.45

நன்மை விஷயத்தில் உபதேசியார் மகன் சொன்னதை எங்கள் சபைப் போதகர் ஐயரிடமும் கேட்டேன், சரிதான் என்றார். எங்கள் சபையிலும் திடப்படுத்தல் எடுத்தவர்களுக்குத்தானே கொடுக்கிறோம் என்றார்.

ஆனால் முழங்கால் விஷயத்தை வீடியோவில் உறுதியாகச் சொல்ல வேண்டும். எல்லோரும் முழங்கால் போடும்போது விருந்தாளியும் போட வேண்டும். அதுதான் மரியாதை.

பர்கூர் ஜவுளி | ஏப்ரல் 28, காலை 9.30

நான் போடமாட்டேன். மரியாதைக் குறைவால் இல்லை. நான் கும்பிடுகிற சாமிக்கு முன்னால்தான் அப்படிச் செய்வேன். சும்மா நடிப்பது உங்கள் சாமிக்கும் நல்லதில்லை.

உபதேசியார் மகன் | ஏப்ரல் 28, மதியம் 1.05

ஜவுளி சொல்வதை ஏற்கிறேன். சாமியார்களும் விருந்தாளி அமைதியாக உட்கார்ந்திருந்தால் போதும் என்றுதான் சொல்வார்கள். எழுந்து நிற்பதில் சேர்ந்துகொள்ளலாம், அது எந்தச் சபையிலும் மரியாதைதான். ஆனால் மற்றவர்கள் முழங்காலில் இருக்கும்போது நின்றுகொண்டிருக்காதீர்கள். உட்கார்ந்திருப்பவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பின்வரிசைக்காரர் முழங்கால் போட்டு, உங்கள் பெஞ்சின் முதுகுப் பலகையில் கையை ஊன்றுவார். நீங்கள் சாய்ந்தே இருந்தால் உங்கள் முதுகு அவர் முகத்தில் இடிக்கும். கொஞ்சம் முன்னால் குனிந்து உட்காருங்கள். கோயிலில் முன்பகுதியில் பாய் விரித்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

விருந்தாளிகள் தயங்காமல் சேரக்கூடிய ஒன்று இருக்கிறது. நன்மைக்குச் சற்று முன்னால் எல்லோரும் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக் கும்பிட்டு 'சமாதானம்' என்பார்கள். திரும்பி ஒரு வணக்கம் வையுங்கள். வெளிநாட்டில் கை குலுக்குவார்கள். நம் நாட்டில் கும்பிடுவதும், கோயிலில் செருப்பைக் கழற்றுவதும் 1969இல் ரோமில் அனுமதி வாங்கிய மாற்றங்களில் உள்ளவை. செருப்பைப் பொறுத்தவரை வாசலைப் பாருங்கள். குவியல் இருந்தால் நீங்களும் கழற்றுங்கள், இல்லையென்றால் போட்டுக்கொண்டே போங்கள். கோவிலூர், எலத்தகிரி மாதிரிப் பழைய கிறிஸ்தவ ஊர்களில் ஒரு பழக்கம், டவுன் கோயிலில் ஒரு பழக்கம் என்று இருக்கும்.

மாந்தோப்பு | ஏப்ரல் 30, இரவு 10.50

பங்குச் சாமியாரிடம் பேசிவிட்டேன். பூசை நடக்கும்போது எடுக்க வேண்டாம், சனிக்கிழமை மதியம் கோயிலைத் திறந்து தருகிறேன் என்றார். நன்மை வாங்குவதை நடித்துக்கூடக் காட்ட வேண்டாம் என்றார். மந்திரிக்காத அப்பத்தை வைத்து எடுக்கலாமா என்று கேட்டிருந்தேன். பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது, பக்கத்து ஊர்க் கத்தோலிக்கர் பார்த்தால் வருத்தப்படுவார் என்றார். நியாயம்தான். அதனால் கேமரா பெஞ்சின் மேலேயே இருக்கும். சொந்தக்காரப் பிள்ளைகள் எழுந்து போவார்கள், மண்டிக்கு வருகிற ஒரு மாமா உட்கார்ந்தபடி காலை ஒடுக்கி வழி விடுவார்.

பேச வைப்பதும் அந்த மாமாவைத்தான். நான் பேசினால் வீட்டுக்காரன் சட்டம் போடுகிற மாதிரி இருக்கும். அவர் நெற்றியில் விபூதியோடு பெஞ்சில் உட்கார்ந்து, 'நான் உட்கார்ந்துதான் இருப்பேன், நீங்களும் இருங்க' என்று சொன்னால் எல்லோருக்கும் மனசு லேசாகும். விபூதி, குங்குமத்தை அழித்துவிட்டு வர வேண்டுமா என்று யாரும் கேட்கவே வேண்டாம், அவர் நெற்றியே பதில்.

மத்தூர் அக்கா | மே 1, காலை 7.20

வாசலில் ஒரு தொட்டியில் தண்ணீர் இருக்குமே, அதையும் காட்டுங்கள். அம்மா குடிக்கப் போனார்.

மாந்தோப்பு | மே 1, காலை 7.45

சேர்த்துவிட்டேன். விரலை நனைத்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வதற்கான தண்ணீர் அது, குடிக்க இல்லை. விருந்தாளிகள் தாண்டிப் போகலாம். பெண்கள் முக்காடு போட வேண்டுமா என்று தங்கையின் தோழிகள் கேட்டார்கள். எங்கள் அம்மா வயசுக்காரர்கள் முந்தானையால் மூடுவார்கள், விருந்தாளிகளுக்குக் கட்டாயம் இல்லை.

மாந்தோப்பு | மே 6, இரவு 11.15

எடுத்து முடித்தாயிற்று. நான்கு நிமிடத்துக்குள் வந்துவிட்டது. வரிசை இது: வாசல், எங்கே உட்காருவது, கை கோக்கும்போது அமைதி, தாலி, 'இன்னும் முடியவில்லை', மணி, சமாதானம், நன்மை, பந்தி. 'இன்னும் முடியவில்லை' என்ற இடத்தில் பந்தி நேரத்தைப் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறேன். வாசிக்கத் தெரியாதவர்களுக்காக மாமா அதை வாயாலும் சொல்கிறார். நன்மைக்குக் கிட்டத்தட்ட ஒரு நிமிடம். மற்றதெல்லாம் வேகமாகப் போகும்.

இதில் எனக்கு ஒரு தயக்கம். வீடியோவை யார் பார்ப்பார்கள்? தங்கையின் ஆபீஸ் ஆட்கள் பார்ப்பார்கள். மத்தூர் அக்காவின் அம்மா மாதிரியானவர்கள் பட்டன் போன் வைத்திருக்கிறார்கள்.

உபதேசியார் மகன் | மே 7, காலை 10.00

நன்மைக்கு முன்னால் உபதேசியாரை மைக்கில் ஒரு வரி சொல்லச் சொல்லுங்கள். வரிசையின் தலைப்பில் விவரம் தெரிந்த ஒரு ஆளை நிறுத்துங்கள். அவர் தடுக்கக் கூடாது, 'அம்மா, இங்கே உட்காருங்க' என்று பக்கத்து பெஞ்சைக் காட்டினால் போதும்.

பர்கூர் ஜவுளி | மே 7, மதியம் 12.40

மைக்கில் சொல்வதை யோசித்துச் செய்யுங்கள். 'மற்ற மதத்தினர் வரவேண்டாம்' என்று ஒரு கல்யாணத்தில் சொன்னார்கள். அழைத்து உட்கார வைத்துவிட்டு இப்படிச் சொல்கிறார்களே என்று என் தம்பிக்கு முகம் சுண்டிவிட்டது. பந்திக்கு நிற்காமல் வந்துவிட்டான்.

மாந்தோப்பு | மே 23, இரவு 9.30

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. நடந்ததை எழுதுகிறேன்.

பந்தி ஏற்பாடு வேலை செய்தது. தாலி கட்டியதும் எழுந்தவர்கள் கொஞ்சம் பேர்தான், அவர்களும் பக்க வாசலால் போனார்கள். மண்டிக்காரர்களில் பெரும்பாலானவர்கள் கடைசி வரை இருந்தார்கள். காலை டிபன்தான் காரணம் என்று அப்பா சொல்கிறார், வீடியோ என்று நான் சொல்கிறேன். கை கோக்கும்போது அமைதி வந்தது, முதல்முறையாக ஒரு கல்யாணத்தில் அந்த வார்த்தைகள் கடைசி பெஞ்சு வரை கேட்டன.

நன்மை நேரத்தில் பெஞ்சில் இருந்த யாரும் தவறி வரவில்லை. தவறியது பாயில் உட்கார்ந்திருந்த பாட்டிமார்கள். வீடியோ முழுக்க பெஞ்சை வைத்தே எடுத்ததில் பாய்க்காரர்களுக்கு ஒன்றும் இல்லை. முன்னாலேயே உட்கார்ந்திருந்ததால் வரிசை அவர்களைத் தாண்டித்தான் போயிற்று, இரண்டு பேர் எழுந்து சேர்ந்துகொண்டார்கள். என் அத்தை தலைப்பில் நின்றிருந்தார், கையைப் பிடித்து அழைத்துப் போய்த் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். அடுத்த முறை எடுப்பவர்கள் பாயையும் காட்டுங்கள்.

மைக்கில் சொன்னது: 'நன்மை வாங்கும் கத்தோலிக்க மக்கள் முன்னால் வரலாம். மற்ற அன்பர்கள் அமர்ந்தபடி மணமக்களுக்காக உங்கள் இறைவனிடம் வேண்டிக்கொள்ளுங்கள்.' வரவேண்டாம் என்ற சொல்லே இல்லை. அப்படியும் தங்கையோடு வேலை செய்கிற ஒரு பெண், பிரித்துச் சொன்னது மாதிரி இருந்தது என்று அவளிடம் சொல்லியிருக்கிறாள்.

ஓசூர்க்காரன் | மே 23, இரவு 10.05

அதற்கு என்ன செய்ய முடியும்? சொன்னாலும் கஷ்டம், சொல்லாவிட்டாலும் கஷ்டம்.

மத்தூர் அக்கா | மே 24, காலை 6.40

எனக்கு அந்த வரி பிடித்திருக்கிறது தம்பி. உட்கார்ந்திருக்கும்போது எங்களுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறீர்கள். அம்மாவிடம் படித்துக் காட்டினேன், இதைச் சொல்லியிருந்தால் நான் போயிருக்கவே மாட்டேனே என்றார். மைக் வேண்டாம் என்றால் அதையே பத்திரிகையில் அச்சடிக்கலாமே?

பர்கூர் ஜவுளி | மே 24, காலை 9.15

அச்சடிப்பதுதான் நல்லது. மைக்கில் வந்தால் உத்தரவு மாதிரி. பத்திரிகையில் படித்தால் வீட்டுக்காரர் சொல்கிற மாதிரி.

மாந்தோப்பு | மே 24, இரவு 8.50

பத்திரிகையில் பூசை நேரத்துக்குக் கீழே பந்தி நேரம், அதற்குக் கீழே இந்த வரி என்று வைக்கலாம். சித்தப்பா மகனுக்கு ஆவணியில் கல்யாணம், அங்கே செய்து பார்க்கிறோம். ஆனால் பாயில் உட்காரும் பாட்டிக்குப் பத்திரிகையும் உதவாது, அத்தை மாதிரி ஒருவர் நிற்கத்தான் வேண்டும். வீடியோ வேண்டும் என்று கேட்டவர்களுக்குக் கோப்பை அனுப்புகிறேன். கோயில் வாசல், பெஞ்சு, நேரம் மூன்றையும் உங்கள் பங்கில் புதிதாக எடுத்துப் போடுங்கள், உங்கள் சாமியாரிடம் காட்டாமல் அனுப்பாதீர்கள்.